புதுப்பிப்பு: பிட்ச் டெக்கில் ஒரு ஸ்லைடுக்கு ஒரே கூற்று

முதலீட்டாளர்களுக்குக் காட்டும் எங்கள் பிட்ச் டெக்கைப் பற்றி முன்பு நான் இங்கே கேட்டது: "நாலாவது ஸ்லைடில் எல்லாரும் குழம்புகிறார்கள். எதை வெட்டுவது?"

வெட்டவில்லை, பிரித்தேன். கோத்தகிரியில் பச்சைத் தேயிலை ஏற்றும் எங்கள் சேவையின் டெக்கில், 'பிரச்சினை' என்ற ஒரே தலைப்பின் கீழ் எல்லாம் கிடந்தது. இப்போது ஒன்றில் 'பறித்த இலை வண்டிக்காகக் காத்திருக்கிறது'. ஆதாரம், எங்கள் நேரக்குறிப்பு. அடுத்ததில் 'காத்திருக்கும் இலை மூட்டைக்குள் சூடேறிக் கெடுகிறது'. ஆதாரம், ஒரு புகைப்படம்.

இங்கே பதில் சொன்ன குன்னூர் அக்கா, ஸ்லைடு தலைப்புகளை மட்டும் வரிசையாக வாசிக்கச் சொன்னார். அப்போதுதான் ஓட்டை தெரிந்தது: கெட்ட இலைக்கு விவசாயி விலை இழப்பதை எங்கேயும் சொல்லவில்லை! அதற்கும் தனி ஸ்லைடு.

ஸ்லைடுகள் பத்தைத் தாண்டக் கூடாது என்று சொன்ன தம்பி பாதி சரி. இப்போது 12, ஆனால் பேசும் நேரம் குறைந்துவிட்டது. எழுத்துரு கேட்ட அண்ணா, அதை நான் மாற்றவே இல்லை. குழு ஸ்லைடை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.