குடும்ப போஸ்ட்பெய்ட் பில்லை எப்படிப் பிரித்தீர்கள்?

சேலத்து அண்ணன்: நான், மனைவி, தம்பி, அம்மா நால்வரும் ஒரே குடும்பத் திட்டம். வாடகை 1,050 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்து 1,239. ஆளுக்கு 309.75 என்று பிரித்து வந்தோம். போன மாதம் பில்லில் எண்வாரியாகப் பார்த்தேன். 100 ஜிபியில் தம்பி 60, நான் 20, மனைவி 16, அம்மா 4. அம்மா பென்ஷனிலிருந்து தம்பிக்குச் சமமாகக் கொடுத்து வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் மனசு கேட்கவில்லை. முழுத் தொகையையும் ஜிபிப்படி பிரித்தேன். தம்பிக்கு 743, அம்மாவுக்கு 50 வந்தது. தம்பி இரண்டு நாள் பேசவில்லை.

வேப்பமரம்: எங்கள் வீட்டில் மாதக் கடைசியில் அவரவர் போனில் டேட்டா அளவைப் பார்த்து எழுதிக்கொள்வோம். பில்லைத் தோண்ட வேண்டியதில்லை.

பழைய பில்லிங்காரன்: போன் காட்டும் அளவு பில்லோடு பொருந்தாமல் போகலாம். பில் 12ஆம் தேதி தொடங்கினால் போனிலும் அதே தேதியை வைக்க வேண்டும். ஐபோனில் நாமே அழித்தால்தான் கணக்கு புதிதாகத் தொடங்கும். பில்லில் இருப்பதையே எடுங்கள்.

சேலத்து அண்ணனே, உங்கள் திட்டத்தில் கூடுதல் சிம் ஒன்றுக்கு என்ன வாடகை?

சேலத்து அண்ணன்: 150.

பழைய பில்லிங்காரன்: அப்படியென்றால் டேட்டாவே தொடாவிட்டாலும் ஒரு சிம்முக்கு 150 ஆகிறது. அம்மா தந்த 50 அதற்கே போதாது. மீதியைத் தம்பி சுமந்திருக்கிறார். நால்வருக்கும் தலா 150 வைத்தால் 600. மிச்சம் 450தான் டேட்டாவுக்கு. அதை மட்டும் ஜிபிப்படி பிரியுங்கள். தம்பிக்கு 270, உங்களுக்கு 90, மனைவிக்கு 72, அம்மாவுக்கு 18. அவரவர் 150ஐக் கூட்டி, அதன்மேல் வரியைப் போட்டால் 495.60, 283.20, 261.96, 198.24. கூட்டினால் சரியாக 1,239. வெளிநாட்டு ரோமிங் போட்டால் அது போட்டவர் கணக்கு.

மல்லிகைப்பந்தல்: நாங்கள் ஓடிடி கணக்கை மூன்று வீட்டார் பகிர்கிறோம். யார் எத்தனை படம் பார்த்தார்கள் என்றும் பிரிக்கலாமா?

பழைய பில்லிங்காரன்: அங்கே அதிகம் பார்த்தாலும் யாருக்கும் குறைவதில்லை. இங்கே ஒருவர் எடுத்தால் பொது டேட்டாவில் குறைகிறது. உங்களுக்குச் சமமாகப் பிரிப்பதே போதும்.

சேலத்து அண்ணன்: நேற்று இந்தக் கணக்கை எல்லோர் முன்னாலும் எழுதிக் காட்டினேன். அம்மாவுக்குச் சம்மதம். தம்பி 495ஐ ஒப்புக்கொண்டான். ஆனால் ஒன்று கேட்டான்: என் மனைவி லேப்டாப்பில் வேலை பார்ப்பது அவன் ஹாட்ஸ்பாட்டில். அது முழுக்க அவன் எண்ணில்தானே ஏறுகிறது? பில்லில் தனியாகத் தெரியவில்லை.

பழைய பில்லிங்காரன்: தெரியாது. பில்லுக்கு அது அவர் எண்ணின் டேட்டா, அவ்வளவுதான். இனி மனைவி தன் போனிலேயே ஹாட்ஸ்பாட் போடட்டும்.

வேப்பமரம்: இனிமேல் சரி. இதுவரை போனதற்கு?

சேலத்து அண்ணன்: அதைத்தான் இன்று ராத்திரி அவனோடு உட்கார்ந்து பேசப் போகிறேன்.