கொட்டேஷன் அனுப்பினதும் பேச்சு மூச்சே இல்லை, உங்களுக்கும் நடந்திருக்கா?

வியாசர்பாடி ஃபேப்ரிகேஷன்
மாதவரத்தில் ஒரு குடோன், உள்ளே மெசனைன், இரும்புப் படிக்கட்டு. அவர்களே கூப்பிட்டு அளவெடுக்கச் சொன்னார்கள். "திங்கட்கிழமை காலைல கொட்டேஷன் கையில இருக்கணும்" என்று மேனேஜர் குதித்ததால் ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து கிலோ கணக்குப் போட்டு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். நீல டிக் விழுந்தது. போன் பண்ணினால் "பாத்துட்டு சொல்றோம் பாஸ்", அவ்வளவுதான். போன வாரம் அந்தப் பக்கம் போகிறேன், கேட் முன்னால் லாரியில் இருந்து ஐ-பீம் இறங்குகிறது, நான் போட்டுக் கொடுத்த அதே 200-க்கு 100 சைஸ். மேனேஜர் என்னைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எத்தனை நாளைக்கு ஒரு தடவை கேட்கிறீர்கள் எல்லாரும்?

தண்டையார்பேட்டை ஏசி சர்வீஸ்
தினமும் கேளுங்க அண்ணே. கூச்சப்பட்டா பொழப்பு நடக்காது. ராயபுரத்தில் ஒரு கிளினிக்குக்கு ஸ்பிளிட் ஏசி ரேட் கொடுத்தேன், காலையில் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன். டாக்டரம்மாவே எரிச்சலில் "வந்து மாட்டித் தொலைப்பா" என்றார்.

பாரிமுனை பம்ப் ஸ்பேர்ஸ்
தம்பி, ஏசி வெயில் காலச் சரக்கு, வாங்குகிறவரே முடிவெடுக்கிறவர், அங்கே அது எடுபடும். மணலி கம்பெனிக்குத் தினமும் போன் பண்ணினால் உங்கள் நம்பரையே எடுக்க மாட்டார்கள்.

என் கதை இது. ஒரு பிளான்ட்டுக்கு மெக்கானிக்கல் சீல் கொட்டேஷன், ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல். கேட்டவர் மெயின்டனன்ஸ் இன்ஜினியர், ஆனால் ஆர்டர் போடுவது பர்ச்சேஸ். அனுப்பின மறுநாளே கூப்பிட்டேன், ஆர்டர் கேட்க இல்லை: பம்ப் மாடல், ஷாஃப்ட் சைஸ் சரியா, இந்தத் தாள் அடுத்து யார் மேசைக்குப் போகும், கம்பேரட்டிவ் என்றைக்குப் போடுவார்கள். "வியாழக்கிழமை" என்றார். அதனால் நடுவில் தொந்தரவே பண்ணவில்லை, புதன்கிழமை பர்ச்சேஸிலேயே பேசினேன். "ஆர்டர் எப்போ சார்" என்று கேட்டால் வருகிற பதில் எல்லாருக்கும் தெரியும். நான் கேட்டது, "மத்தவங்க கொட்டேஷனோட வச்சுப் பார்த்தா எங்களுது எந்த இடத்துல இடிக்குது?" கொஞ்ச நேரம் பேப்பர் புரட்டுகிற சத்தம். அப்புறம், "மேடம், நீங்க டெலிவரி ஆறு வாரம் போட்டிருக்கீங்க, எங்க ஷட்டவுன் நாலாவது வாரம்." விலையே பிரச்சினை இல்லை! கேட்காமல் விட்டிருந்தால் கடைசி வரைக்கும் "பார்த்துட்டு சொல்றோம்"தான். சீல் ஃபேஸும் ஓ-ரிங்கும் கையிருப்பில் இருந்தது. அதை உடனே தருகிறோம், ஷட்டவுனுக்கு அதை வைத்துப் பழைய சீலை ரிப்பேர் பண்ணிக்கொள்ளட்டும், முழு சீல் ஆறு வாரத்தில் வரும் என்று அன்றைக்கே திருத்தி அனுப்பினேன். ஆர்டர் வந்தது.

ஆகவே நாள் கணக்கை விடுங்கள். அவர்கள் பக்கத்தில் அடுத்த வேலை என்றைக்கோ அதற்கு முந்தின நாள் கூப்பிடுங்கள், ஒவ்வொரு தடவையும் அடுத்த தேதியை வாங்கிக்கொண்டுதான் போனை வையுங்கள். தேதியே சொல்லாமல் "சார்கிட்ட இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னால் அது சாகிற ஃபைல், இல்லாவிட்டால் நீங்கள் பேசுகிற ஆள் தப்பு.

எண்ணூர் டிரான்ஸ்போர்ட்
எனக்கும் இதே தலைவலிதான் சார். வேலை முடித்து பில் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது, அக்கவுண்ட்ஸில் போனே எடுப்பதில்லை. 45 நாளில் கொடுக்கணும் என்று எம்எஸ்எம்இ சட்டம் இருக்கிறதே, அதைச் சொல்லி லெட்டர் போடலாமா?

தண்டையார்பேட்டை ஏசி சர்வீஸ்
அண்ணே, இங்கே பில்லே இன்னும் போடல, ஆர்டருக்கே வழியக் காணோம்.

வியாசர்பாடி ஃபேப்ரிகேஷன்
மேடம் சொல்வது பெரிய கம்பெனிக்குச் சரி. குடோன்காரரிடம் கம்பேரட்டிவ் எல்லாம் ஏது? முதலாளி சவுகார்பேட்டையில் உட்கார்ந்திருக்கிறார், மேனேஜர்தான் என்னோடு பேசுகிறார்.

பாரிமுனை பம்ப் ஸ்பேர்ஸ்
அப்போ அந்த மேனேஜர் உங்கள் கொட்டேஷனை முதலாளியிடம் எப்படிச் சொன்னாரோ! அளவெடுத்த அன்றைக்கே "முதலாளிக்கு ஒரு காப்பி அனுப்பட்டுமா" என்று அவரிடமே கேட்டிருக்கலாம். இன்னொன்று, உங்கள் தொழிலில் இரும்பு ரேட் ஏறி இறங்குகிறது, "ஏழு நாள் செல்லும்" என்று போடுவீர்கள்தானே? ஆறாவது நாள் கூப்பிட அதுவே காரணம்: "நாளையோட இந்த ரேட் முடியுது, புது ரேட் போட்டு அனுப்பவா, இல்ல வேலையே தள்ளிப்போயிடுச்சா?" இரண்டாவது கேள்விதான் முக்கியம், இல்லை என்று சொல்ல அவர்களுக்கும் ஒரு வாசல் வேண்டும்.

கொருக்குப்பேட்டை இரும்புக்கடை
ரேட் முடியுது என்று மிரட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து அதே ரேட்டுக்கு ஒத்துக்கொள்கிற ஆட்கள்தான் இங்கே அதிகம். அடுத்த தடவை எவன் நம்புவான்? நான் தேதியே போடுவதில்லை, வேணும்னா அன்றைய ரேட்.

வியாசர்பாடி ஃபேப்ரிகேஷன்
தேதி போடாவிட்டால் மூன்று மாதம் கழித்துப் பழைய தாளை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்களே, அதற்கு என்ன பண்ணுவீங்க?