ரூட்டர் பட்டியலில் பெயரில்லாத ஒரு கருவி, இரவு 2 மணிக்கு வருகிறது. யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இளவேனில்:
வணக்கம். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகள் பட்டியலைப் பார்த்தேன். எங்கள் கைபேசிகள், லேப்டாப், டிவி, டேப்லெட், ஸ்மார்ட் பிளக்குகள் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒன்று மிச்சம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. லாக்கில் அதே மேக் முகவரியைத் தேடினால் இது கிடைத்தது, வீட்டில் எல்லாரும் தூங்குகிற நேரம்:

```
02:11:07 hostapd: wlan0: STA d6:3f:91:0b:7c:22 IEEE 802.11: associated
02:11:07 hostapd: wlan0: STA d6:3f:91:0b:7c:22 WPA: pairwise key handshake completed (RSN)
02:11:08 dnsmasq-dhcp: DHCPREQUEST(br0) 192.168.1.14 d6:3f:91:0b:7c:22
02:11:08 dnsmasq-dhcp: DHCPACK(br0) 192.168.1.14 d6:3f:91:0b:7c:22
```

யாரோ பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டு உள்ளே வருகிறார்களா?

பட்டறைக்காரன்:
மேக் முகவரியின் முதல் ஆறு எழுத்துகளை இணையத்தில் தேடிப் பாருங்கள், எந்த நிறுவனம் தயாரித்தது என்று வந்துவிடும். எந்த நிறுவனமும் வரவில்லை என்றால் அது போலி முகவரி, கண்டிப்பாகத் திருட்டு இணைப்புதான். உடனே மேக் ஃபில்டர் போட்டு அதைத் தடுத்துவிடுங்கள், வைஃபை பெயரையும் மறைத்துவிடுங்கள்.

இளவேனில்:
தேடினேன், எந்த நிறுவனமும் வரவில்லை. இப்போதுதான் உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

செம்பருத்தி:
எனக்கும் இதே பிரச்சினைதான்! என் லாக்கில் நாள் முழுக்க port scan, DROP என்று வரிகள், எங்கெங்கோ இருந்து வருகிற ஐபி முகவரிகள். என் வைஃபையிலும் யாரோ இருக்கிறார்களா?

நள்ளிரவு லாக்:
செம்பருத்தி, உங்களுடையது வேறு கதை. அது இணையப் பக்கத்திலிருந்து ரூட்டரின் கதவைத் தட்டுகிற சத்தம், ரூட்டர் திறக்காமல் அனுப்பிவிட்டது என்பதைத்தான் DROP சொல்கிறது. எல்லா ரூட்டருக்கும் இது ஓயாமல் நடக்கும். வைஃபைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இளவேனில், முதலில் மேக் ஃபில்டர் போடாதீர்கள், ரூட்டரையும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். பல ரூட்டர்களில் லாக் நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும், அணைத்தால் போய்விடும். இருப்பதை நகலெடுத்து வையுங்கள்.

அடுத்து, அந்த முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். d6, அதாவது 6. அந்த இடத்தில் 2, 6, a, e இவற்றில் ஒன்று இருந்தால் அது நிறுவனம் கொடுத்த முகவரி இல்லை, கருவியே உருவாக்கிக்கொண்டது. ஆண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) முதல் கைபேசிகளும் டேப்லெட்டுகளும் இயல்பாகவே இப்படித்தான் செய்கின்றன. நிறுவனப் பெயர் வராததற்கு அதுதான் காரணம். அதை வைத்துத் திருட்டு என்று சொன்னால் உங்கள் வீட்டுக் கைபேசிகள் எல்லாமே திருட்டுதான்.

லாக் வரிகளில் இரண்டு விஷயம் தெரிகிறது. handshake completed என்று இருப்பதால் அந்தக் கருவிக்குச் சரியான பாஸ்வேர்ட் தெரியும், இதில் சந்தேகமே இல்லை. அப்புறம், DHCPDISCOVER வரியே இல்லை, நேராக DHCPREQUEST. முதல் தடவை வருகிற கருவி பொதுவாக யாராவது ஐபி கொடுங்கள் என்று DISCOVER அனுப்பித்தான் தொடங்கும். இது எடுத்த எடுப்பில் எனக்கு .14 கொடு என்று கேட்கிறது, அதாவது முன்பே ஒருமுறை வந்து .14 வாங்கிய கருவி. பழைய ஆள்தான்.

02:11:07-க்குச் சற்று முன்னால் என்ன வரிகள் இருக்கின்றன? அதையும் போடுங்கள். உங்கள் ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறீர்களா?

இளவேனில்:
ஆமாம், இரண்டுக்கும் தனிப் பெயர், பாஸ்வேர்ட் ஒன்றுதான். முன்னால் இருக்கிற வரி:

```
02:11:04 hostapd: wlan1: STA 8e:52:0d:47:a1:60 IEEE 802.11: disassociated
```

இந்த 8e எங்கள் டேப்லெட். பட்டியலில் .9 என்று பெயரோடு இருக்கிறது, நானே பெயர் கொடுத்து வைத்தேன். அதனால்தான் டேப்லெட்டைச் சந்தேகிக்கவே இல்லை.

நள்ளிரவு லாக்:
அதே டேப்லெட்தான் என்று நினைக்கிறேன். 8e-யிலும் இரண்டாவது எழுத்து e, அதுவும் உருவாக்கிய முகவரி. கருவி ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வேறு வேறு முகவரியை வைத்துக்கொள்ளும். 02:11:04-க்கு wlan1, அதாவது 5-இலிருந்து விலகிய ஒன்று, மூன்று நொடியில் wlan0, அதாவது 2.4-இல் d6 ஆக வந்து நிற்கிறது. சிக்னல் குறைகிற அறையில் வைத்திருந்தால் நடுராத்திரியிலும் இப்படித் தாவும். நீங்கள் கொடுத்த பெயர் 8e முகவரியோடு ஒட்டியிருக்கிறது, d6-க்குப் பெயர் இல்லை. ரூட்டருக்கு இவை இரண்டு கருவிகள்.

நேர விஷயத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், உறுதிப்படுத்துங்கள். டேப்லெட்டைக் கையால் 2.4 பெயரோடு இணைத்து, அமைப்புகளில் அந்த வைஃபையின் விவரங்களைத் திறந்தால் முகவரி தெரியும், d6-ஓடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கருவியாக வைஃபையை அணைத்துப் பார்க்கிற வழியும் உண்டு, ஆனால் டிஹெச்சிபி பட்டியலைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்தால் ஏமாந்துபோவீர்கள். லீஸ் காலம் முடிகிற வரை, பெரும்பாலும் 24 மணி நேரம், போன கருவியும் அங்கே உட்கார்ந்திருக்கும். வயர்லெஸ் பக்கத்தில் இந்த நிமிடம் இணைந்திருப்பவை என்று தனிப் பட்டியல் இருக்கும், அதைப் பாருங்கள்.

பட்டறைக்காரன்:
சரி, நிறுவனப் பெயர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மேக் ஃபில்டர் போட்டு வைப்பதில் என்ன நஷ்டம்?

நள்ளிரவு லாக்:
பாஸ்வேர்ட் தெரிந்த ஆள் முகவரியை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார், அவருக்கு அது ஒரு நிமிட வேலை. சிக்குவது வீட்டு ஆட்கள்தான். இந்த இழையிலேயே பாருங்கள், d6-ஐத் தடுத்திருந்தால் டேப்லெட் இராத்திரி மட்டும் வேலை செய்யவில்லை என்று அடுத்த இழை திறந்திருப்பார். பெயரை மறைப்பதும் அப்படியே, கருவிகள் இணையும்போது அந்தப் பெயர் காற்றில் வெளிப்படையாகத்தான் போகிறது.

இளவேனில்:
டேப்லெட்டை 2.4-இல் போட்டேன், திரையில் d6:3f:91:0b:7c:22 என்றே வந்தது. நன்றி!

இருந்தாலும் மனது கேட்காமல் பாஸ்வேர்டையும் மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி இணைத்துவிட்டேன். இப்போது லாக்கில் புதிதாக ஒன்று, சில நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. பட்டியலில் இல்லை:

```
hostapd: wlan0: AP-STA-POSSIBLE-PSK-MISMATCH 24:0a:c4:5e:19:b3
```

நள்ளிரவு லாக்:
தவறான பாஸ்வேர்டோடு ஏதோ ஒன்று முயல்கிறது. கதவு திறக்கவில்லை, அதனால் ஐபி கிடைக்கவில்லை, பட்டியலிலும் வரவில்லை. 24-இல் இரண்டாவது எழுத்து 4, ஆகவே இது உண்மையான நிறுவன முகவரி. 24:0a:c4 எஸ்ப்ரெசிஃப் உடையது. ஸ்மார்ட் பிளக், பல்பு மாதிரிப் பொருட்களுக்குள் இருக்கிற சிப் அவர்களுடையது, அதனால் பிளக்கின் மேல் வேறு பெயர்தான் அச்சிட்டிருக்கும். பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டிலேயே ஒன்று தட்டிக்கொண்டிருக்கலாம்.

இளவேனில்:
பிளக்குகள் எல்லாம் திரும்ப இணைந்துவிட்டன, எண்ணிப் பார்த்தேன். பழைய லாக் நகலில் தேடினால் இந்த 24:0a:c4 ஒரு தடவைகூட வரவில்லை.

பட்டறைக்காரன்:
பக்கத்து வீட்டில் அதே வைஃபை பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டரோடு வந்த பெயரையே மாற்றாமல் வைத்திருந்தால் அவர்கள் பல்பு உங்கள் ரூட்டரைத் தன்னுடையது என்று நினைத்து முயலும்.

நள்ளிரவு லாக்:
அதுவும் நடக்கக்கூடியதுதான், நல்ல யோசனை. ஆனால் உங்கள் பழைய லாக் எவ்வளவு நேரத்தை மட்டும் வைத்திருந்தது என்று பாருங்கள். பல ரூட்டர்கள் சில நூறு வரிகள் சேர்ந்ததும் பழையதை அழித்துவிடும். பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன் நிம்மதியாக இணைந்தே கிடந்த ஒரு பல்பு அந்தச் சில மணி நேரத்தில் ஒரு வரிகூட எழுதாமல் இருந்திருக்கலாம்.

இளவேனில்:
நகலின் முதல் வரி முந்தைய நாள் இரவு 11 மணி. அவ்வளவுதான் இருக்கிறது. வைஃபை பெயரும் ரூட்டரோடு வந்ததுதான். 2.4-இன் பெயரை இன்று மாற்றிவிட்டு அந்த வரி நிற்கிறதா என்று பார்க்கிறேன், நின்றாலும் அது யாருடையது என்று தெரியாது போல.

நள்ளிரவு லாக்:
தெரியாது. உங்களுடைய பல்பாக இருந்தாலும் பழைய பெயரைத்தானே தேடும், அதுவும் நின்றுவிடும். மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு அறை மின்சாரத்தையும் சில நிமிடம் அணைத்து, எந்த அறை அணைந்தால் வரி நிற்கிறது என்று பாருங்கள். ரூட்டர் இருக்கிற அறையை விட்டுவிடுங்கள்.