மாடிப்படி வயரிங் கேள்வி: விடை 2 தானா?

வினாத்தாள்காரர்:
அப்ரண்டிஸ் தேர்வுக்குத் தியரி கேள்வி எழுதுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. செய்முறையில் மாடிப்படி வயரிங் வருகிறதா, தியரியில் "இரண்டு டூ-வே சுவிட்சுக்கும் இடையே எத்தனை வயர் ஓடும்?" என்று கேளுங்கள். விடை 2. அவ்வளவுதான், தியரியும் செய்முறையும் சேர்ந்துவிட்டது.

பைப்லைன்:
எந்தப் பைப்பில் சார் 2 வயர் ஓடுகிறது? கையால் வயர் இழுத்தவர் யாரும் இந்த விடையை எழுத மாட்டார். தேர்வுப் பலகையையே எடுத்துக்கொள்ளுங்கள். சப்ளை கீழே இருக்கிறது, ஃபேஸ் கீழ் சுவிட்சின் காமனுக்குப் போகிறது, அங்கிருந்து ஜோடி வயர் மேல் சுவிட்சுக்கு ஏறுகிறது, மேல் சுவிட்சின் காமனிலிருந்து பல்புக்கு. பல்பு மேலே. அதற்கு நியூட்ரல் எங்கிருந்து வரும்? அதே பைப்பில்தான் ஏறி வரும். ஆக 3. சரி, பல்பைக் கீழே மாட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நியூட்ரல் ஏற வேண்டாம், ஆனால் மேல் சுவிட்சின் காமனிலிருந்து ஒரு வயர் பல்புக்குக் கீழே இறங்கி வந்தாக வேண்டும். அப்போதும் 3. எர்த்தைச் சேர்த்தால் 4.

வினாத்தாள்காரர்:
கேள்வியைப் படித்துவிட்டுப் பேசுங்கள். "சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் இடையே" என்று இருக்கிறது. நியூட்ரல் எந்தச் சுவிட்சையும் தொடுவதில்லை. படத்தில் எண்ணிப் பாருங்கள், 2.

பைப்லைன்:
படத்தில் 2, பைப்பில் 3. செய்முறையோடு சேர்ந்த கேள்வி என்று சொன்னது நீங்கள்தான், நான் இல்லை.

இரண்டாம்_வருடம்:
இந்தக் கேள்வி எனக்கு வந்தது. 3 என்று எழுதினேன், மார்க் போய்விட்டது. மதியம் செய்முறையில் அதே பைப்பில் மூன்று வயர் இழுத்தேன், அதற்கு முழு மார்க். இரண்டையும் திருத்தியவர் ஒரே ஆள். காலையில் தப்பாக இருந்தது மதியம் எப்படிச் சரியாகும் என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை. இங்கே யாராவது சொல்லுங்கள்.

சைட்காரன்:
2ம் தப்பு, 3ம் தப்பு. மேலேயும் கீழேயும் ஏற்கெனவே ஃபேஸ், நியூட்ரல் இருந்தால் ஒவ்வொரு சுவிட்சிலும் ஒரு பக்கம் ஃபேஸ், மறு பக்கம் நியூட்ரல் கொடுத்துவிட்டு, இரண்டு காமனையும் பல்பின் இரண்டு முனைக்கும் கொடுத்தால் போதும். ஜோடி வயரே வேண்டாம். சைட்டில் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். தேர்வு வைக்கிறவர்களுக்கு இது தெரியாது.

பட்டறை_வாத்தியார்:
தெரியும் தம்பி, தெரிந்துதான் பையன்களிடம் செய்யாதே என்கிறோம். அந்த முறையில் பல்பு அணைந்திருக்கும்போது இரண்டு முனையிலும் ஃபேஸ் நிற்க வாய்ப்பு உண்டு. அணைத்துவிட்டோம் என்று நம்பி ஹோல்டரில் கை வைப்பவன் கதி என்ன? தயவுசெய்து அதை இங்கே சிபாரிசு செய்ய வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வயரை எண்ணச் சொல்வதே வீண் கேள்வி. மனப்பாடம் செய்தவனும் எழுதுவான், வேலை தெரிந்தவனும் எழுதுவான், இருவரையும் அது பிரிக்காது. செய்முறையில் பையன்கள் உண்மையில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து அங்கிருந்து கேள்வியை எடுங்கள். இந்த வேலையில் அந்த இடம் காமன் டெர்மினல். பல்புக்குப் போகும் வயரைக் காமனில் மாட்டாமல் பக்க டெர்மினலில் மாட்டிவிட்டு, அங்கே வர வேண்டிய ஜோடி வயரைக் காமனில் மாட்டிவிடுவார்கள். அப்போது என்ன ஆகும்? சரியான வயரிங்கில் இரண்டு சுவிட்சுக்கும் சேர்த்து நான்கு நிலை, அதில் இரண்டில் பல்பு எரியும். இந்தத் தவறில் ஒன்றில் மட்டும்தான் எரியும். கீழ் சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால் மேல் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்வது போலத் தெரியும், மறு பக்கம் தட்டிவிட்டால் மேலே எத்தனை தடவை போட்டாலும் பல்பு எரியாது. இதை அப்படியே எழுதி, காரணம் என்ன என்று கேளுங்கள். தவறான விடைகளில் ஒன்றாக "ஜோடி வயர் இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிட்டன" என்று வையுங்கள். அதனால் ஒரு பழுதும் வராது, சுவிட்சின் மேல்நிலை கீழ்நிலை மாறும், அவ்வளவே. வேலை தெரியாதவன் நேராகப் போய் அதில்தான் விழுவான். அப்புறம் செய்முறையில் அதே தவறைப் பலகையில் வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

வினாத்தாள்காரர்:
நல்லது, அப்படியே "எந்தச் சுவிட்சில் தவறு?" என்றும் சேர்த்துவிடலாம். மேல் சுவிட்ச் என்று விடை.

பட்டறை_வாத்தியார்:
சேர்க்க முடியாது. கீழ் சுவிட்சில் ஃபேஸ் வயரைக் காமனுக்குப் பதில் பக்கத்தில் மாட்டினாலும் இதே அறிகுறிதான், நான்கில் ஒன்று. பல்பைப் பார்த்து எந்தச் சுவிட்ச் என்று யாராலும் சொல்ல முடியாது. எம்சிபியை அணைத்து, சப்ளை இல்லை என்று உறுதி செய்து, வயரைக் கழற்றி கன்டின்யுட்டி பார்த்தால்தான் தெரியும். சுவிட்சைத் தட்டத் தட்ட மாறி மாறி இரு பக்கத்தோடும் சேர்வது காமன். பக்க டெர்மினல் இரண்டும் தங்களுக்குள் ஒருபோதும் சேராது.

சைட்காரன்:
மீட்டர் எதற்கு? டெஸ்டர் வைத்து ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன்.

பட்டறை_வாத்தியார்:
கரண்ட் இருக்கும்போது திறந்த பெட்டியில் கை வைத்துத்தானே? என் பட்டறையில் அப்படிச் செய்தால் அந்த இடத்திலேயே தேர்வு முடிந்தது.

சைட்காரன்:
உங்கள் பட்டறையில் படித்து வந்தவர்களை சைட்டில் பார்த்திருக்கிறேன். ஒரு பாயின்ட் முடிக்க அரை நாள்.

பைப்லைன்:
வாத்தியார் ஐயா, உங்கள் கேள்வியிலும் ஓட்டை இருக்கிறது. ஜோடி வயரில் ஒன்று ஸ்க்ரூவில் சரியாகப் பிடிக்காமல் கழன்றிருந்தாலும் நான்கில் ஒன்றில்தான் எரியும். கீழ் சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால் எரியும் அணையும், மறு பக்கம் செத்துக் கிடக்கும். வரிக்கு வரி நீங்கள் சொன்ன அறிகுறி. அதை எழுதியவனுக்கு மார்க் கொடுப்பீர்களா, மாட்டீர்களா?

பட்டறை_வாத்தியார்:
கொடுப்பேன். "சாத்தியமான காரணம் இரண்டு எழுது, எது என்று சப்ளை இல்லாமல் எப்படிப் பிரிப்பாய்?" என்று கேட்டுவிட்டால் போகிறது. கழன்ற வயர் என்றால் அதன் ஒரு முனைக்கும் மறு முனை டெர்மினலுக்கும் கன்டின்யுட்டி வராது. டெர்மினல் மாறியிருந்தால் எல்லா வயரும் முழுசாக இருக்கும், காமனில் போய் நிற்கும் வயர்தான் வேறாக இருக்கும். இது நான் சொன்ன கேள்விதான், பதில் எழுதும் இடம் கொஞ்சம் பெரிதாகும்.

பைப்லைன்:
நீங்கள் முதலில் எழுதியது ஒரு காரணம் மட்டும். இப்போது இரண்டு. மேலே போய் எல்லோரும் படித்துக்கொள்ளட்டும்.

வினாத்தாள்காரர்:
இருநூறு பேர் எழுதும் தாளில் இந்த நீளமான விடையை யார் திருத்துவது? ஒரு எண், ஒரு மார்க், தகராறு இல்லை. விடை 2.

பைப்லைன்:
தகராறு இல்லையா? இரண்டாம்_வருடம் தம்பி மார்க் இழந்து நிற்கிறார், அதற்குப் பெயர் என்ன? ஒரு எண் வேண்டுமென்றால் பலகையின் படத்தைப் போட்டு, சப்ளை எங்கே, பல்பு எங்கே என்று காட்டி, "இந்தப் பைப்பில் எர்த் தவிர எத்தனை வயர்?" என்று கேளுங்கள். விடை 3. இதை நான் நாலாவது தடவையாகச் சொல்கிறேன்.

சைட்காரன்:
பல்புக்கு நியூட்ரல் சீலிங்கில் வேறு பைப்பில் வந்தால்? அப்போது 2 தானே?

வினாத்தாள்காரர்:
பார்த்தீர்களா, 2.

பைப்லைன்:
தேர்வுப் பலகையில் சீலிங் எங்கே இருக்கிறது, அதைச் சொல்லுங்கள் முதலில்.

இரண்டாம்_வருடம்:
என் மார்க் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த தேர்வில் நான் 2 எழுதுவதா, 3 எழுதுவதா?