புதுப்பிப்பு: மாடித் தொட்டி போய்விட்டது, பக்கத்துக் கட்டடம் தப்பித்தது

முன்பு கேட்டது: "ஃபோட்டோஷாப்பில் ஒரு புகைப்படத்திலிருந்து மாடித் தண்ணீர்த் தொட்டியை அழித்தால் பக்கத்துக் கட்டடத்தின் ஓரமும் கரைகிறது. என்ன செய்ய?"

ஹீலிங் பிரஷ் போதும் என்றார் ஒருவர். வெறும் வானத்தில் அது சரிதான். ஆனால் கட்டட ஓரத்தை நெருங்கியதும் சுவரின் பழுப்பு நிறம் வானத்துக்குள் கசிந்தது.

அனுபவமுள்ள இன்னொருவர், "முதலில் வேலி போடுங்கள்" என்றார். அதுதான் காப்பாற்றியது. பாலிகனல் லாசோவால் பக்கத்துக் கட்டடத்தின் விளிம்பை ஒட்டி வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்தேன், ஃபெதர் 1 பிக்சல். காலி லேயர் ஒன்றில், Sample என்பதை Current & Below ஆக்கி, குளோன் ஸ்டாம்ப் பிடித்தேன். பிரஷ் எவ்வளவு தாண்டினாலும் சுவரில் ஒரு புள்ளிகூடப் படவில்லை.

முதல் முயற்சியில் மேலேயிருந்து வானத்தை எடுத்ததால் நீலத் திட்டு விழுந்தது. அடிவானத்தை நோக்கி வானம் வெளுக்குமே! அதே உயரத்தில் பக்கவாட்டிலிருந்து எடுத்ததும் மறைந்தது. தொட்டியின் அடி மறைத்திருந்த கைப்பிடிச் சுவரை, தேர்வை நீக்கிவிட்டு, அதே சுவரின் நீட்சியிலிருந்து கோடு பிசகாமல் ஒட்டினேன்.

ஜன்னல்களுக்கு முன்னால் ஆன்டெனா நிற்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே வானம் உதவாது, அதே வரிசையின் இன்னொரு ஜன்னலைத்தான் கடன் வாங்க வேண்டும்.

எனக்கு ஒன்று மட்டும் பாக்கி: கட்டட விளிம்பு நெடுக கேமராவின் ஷார்ப்பனிங் விட்ட வெளிறிய கோடு இருக்கிறது, புதிதாக நிரப்பிய இடத்தில் மட்டும் அதைக் காணோம். 200% பெரிதாக்கினால் தெரிகிறது. யாராவது இதைச் சரிசெய்திருக்கிறீர்களா?