முதல் ஓடி, அதாவது வங்கி ஓவர்டிராஃப்ட், வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாம்பன் கருவாட்டுக்கடை:
2023-இல் முதல்முறையாக வங்கியில் கடன் வாங்கினேன். 12 லட்சம் ஓடி. அம்மா பெயரில் இருக்கும் வீட்டுப் பத்திரத்தை ஈடாக வைத்தோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அம்மாவே வந்து கையெழுத்துப் போட்டார்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. 2 லட்சம் எடுத்து நெத்திலி வாங்கினேன், பத்தாவது நாள் திருப்பிக் கட்டினேன். 11 சதவீதத்துக்கு வட்டி 603 ரூபாய்தான் வந்தது. எடுத்த பணத்துக்கு, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. கந்துவட்டி பார்த்த எனக்கு நம்பவே முடியவில்லை.

அடி விழுந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15-க்கு முன்பு வாங்கிக் குவித்த சரக்கை மே கடைசிக்குள் பெரும்பாலும் விற்றுவிட்டேன். ஓடியில் 7 லட்சம் எடுத்திருந்தேன். இன்னும் 5 லட்சம் பாக்கி இருக்கிறதே என்று உப்புக்காரருக்கு 40 ஆயிரத்துக்குச் செக் கொடுத்தேன். திரும்பி வந்துவிட்டது! வங்கியில் கேட்டால், "இப்போது இருக்கும் சரக்குக்கு உங்களுக்கு எடுக்க 3 லட்சம்தான் தகுதி, நீங்களோ 7 லட்சம் எடுத்திருக்கிறீர்கள்" என்கிறார்கள். வீட்டையே வைத்திருக்கிறோம், அப்புறம் ஏன் கருவாட்டை எண்ணுகிறார்கள்?

தொண்டி:
தடைக்கால நிவாரணம் எனக்கும் இன்னும் வரவில்லை அண்ணே. எந்த ஆபீஸில் கேட்பது?

கீழக்கரை:
தொண்டி காக்கா, நிவாரணம் இல்லை, அவர் கேட்பது பேங்க் கடன். பாம்பன் அண்ணே, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நீங்கள் வாங்கியபோது சிறுதொழிலுக்கு 10 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருந்தது. 12 லட்சத்தில் 10 போக மீதி 2 லட்சத்துக்குத்தான் வீட்டைக் கேட்டிருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர், மண்டபம்:
தம்பி கீழக்கரை, விதி உண்மைதான், கணக்குதான் தப்பு. அவர் வாங்கிய காலத்தில் அந்த 10 லட்சம் மொத்தக் கடனுக்கான வரம்பு. 12 லட்சம் என்றால் முழுவதுக்கும் ஈடு கேட்கலாம்.

பாம்பன் தம்பி, எல்லாரும் ஓடி என்று சொல்கிறார்கள், ஆனால் உங்களிடம் மாதாமாதம் சரக்கிருப்பைக் காட்டும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கேட்கிறார்கள் என்றால் அது கேஷ் கிரெடிட். அதில் முதல் ஈடு உங்கள் வீடு இல்லை, கருவாடுதான். வங்கி பணம் கொடுப்பது சரக்கை நம்பி. சரக்கும் போய், பணமும் வராமல் போனால் கைவைக்கத்தான் வீடு. அதைத்தான் கொலாட்டரல் என்கிறோம். வீட்டின் மதிப்பு 30 லட்சம் என்றாலும் அதனால் எடுக்கும் தொகை கூடாது.

சரக்கு 4 லட்சத்துக்குத்தான் இருந்திருக்கும். அதில் கால் பங்கு உங்கள் கைப்பணம் என்று கழித்தால் 3 லட்சம். அதுதான் அவர்கள் சொன்ன தகுதி. 12 லட்சம் என்பது மேல்கூரை மட்டும்.

சரி, மீதிச் சரக்கை விற்ற பணம் எங்கே?

பாம்பன் கருவாட்டுக்கடை:
மதுரை, கேரளா வியாபாரிகளிடம் 9 லட்சம் நிற்கிறது. கடனுக்குத்தானே விற்கிறோம்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர், மண்டபம்:
அதை ஸ்டேட்மென்ட்டில் எழுதினீர்களா? எழுதியிருக்க மாட்டீர்கள். 90 நாளுக்கு உட்பட்ட வரவு பாக்கியையும் பல வங்கிகள் கணக்கில் எடுக்கும். உங்கள் அனுமதிக் கடிதத்தைப் பாருங்கள். அதற்கு 40 சதவீதம் கழிப்பதாக இருந்தால்கூட 5.4 லட்சம் கூடும். மொத்தம் 8.4 லட்சம். செக்கும் திரும்பியிருக்காது.

இதை விளையாட்டாக விடாதீர்கள். தகுதிக்கு மேலே தொடர்ந்து 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். தடை 61 நாள், அப்புறம் சரக்கு காய்ந்து விற்றுக் காசாக வேண்டும். 90 நாள் சீக்கிரம் ஓடிவிடும். அதற்கப்புறம்தான் அம்மா பெயருக்கு 60 நாள் நோட்டீஸ் வரும்.

கீழக்கரை:
என் தங்கச்சி நகையை வைத்து வாங்கினாள். அவளிடம் எந்த ஸ்டேட்மென்ட்டும் கேட்கவில்லையே?

ஓய்வுபெற்ற வங்கிக்காரர், மண்டபம்:
நகையே முதல் ஈடு, அது வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. கருவாடு உங்கள் கொட்டகையில் இருக்கிறது. அதனால்தான் எண்ணுகிறார்கள்.

பாம்பன் கருவாட்டுக்கடை:
அனுமதிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், ஐயா சொன்னபடிதான் இருக்கிறது. பட்டியல் எழுத உட்கார்ந்தேன். 9 லட்சத்தில் 2 லட்சத்துக்குப் பில்லே இல்லை, வெறும் துண்டுச்சீட்டு. அதையும் சேர்க்கலாமா? அப்புறம், கடனைப் புதுப்பிக்கும்போது அரசாங்க உத்தரவாதத் திட்டத்துக்கு மாற்றி அம்மா பத்திரத்தை எடுத்துவிட முடியுமா? மேனேஜர் முடியாது என்கிறார்.

ஓய்வுபெற்ற வங்கிக்காரர், மண்டபம்:
துண்டுச்சீட்டை விட்டுவிடுங்கள். 7 லட்சம் மட்டும் எழுதினால்கூட 7.2 லட்சம் தகுதி வருகிறது, எடுத்த 7 லட்சத்துக்கு மயிரிழையில் தாங்கும். பத்திரத்தை விடுவிப்பது வங்கியின் விருப்பம், இரண்டாவது வங்கியிலும் கேட்டுப் பாருங்கள்.

தொண்டி:
அப்போ நிவாரணம்?