மணமக்களை நோக்கிப் பேசும் அந்த நான்கு நிமிடங்கள்: நடத்தி வைத்தவர்களின் அனுபவங்கள்

பகல்நிலவு

என் அத்தை மகளின் திருமணத்தை நடத்தி வைக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். சட்டப்படியான பதிவு தனியாக நடந்துவிடும். விழாவில் வரவேற்பு, மணமக்களுக்குச் சிறு உரை, உறுதிமொழி ஆகிய மூன்றும் என் பங்கு. ஒரு வீட்டார் ஆழ்ந்த இறைநம்பிக்கை உடையவர்கள்; மற்ற வீட்டார் நம்பிக்கை இல்லாதவர்கள். இரு தரப்புக்கும் தாய்மொழி வேறு. ஏறக்குறைய நாற்பது பேர் வருவார்கள். இப்படிப்பட்ட அவையில் பேசியவர்களும், பேசக் கேட்டவர்களும் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மாடிப்படி

என் நண்பன் திருமணத்தில் நான் இருபது நிமிடம் பேசினேன். கல்லூரிக் காலத்தில் அவன் செய்த குறும்புகளை ஒவ்வொன்றாகச் சொன்னபோது கூட்டமே கைதட்டியது. நீங்களும் பழைய கதைகளைத் திரட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்

மாடிப்படி சொல்வது விருந்தின்போது நண்பர்கள் பேசும் பேச்சு. அங்கே எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். மணமகனின் பழைய கதை அவனை அறிந்தவர்களுக்குச் சுவையாக இருக்கும். இங்கே மணமக்கள் அனைவர் முன்னிலையிலும் நின்றுகொண்டிருக்கிறார்கள், அடுத்து உறுதிமொழி சொல்ல வேண்டிய படபடப்பில் இருக்கிறார்கள். நிற்கும்போது முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு மயங்கி விழுந்த மணமகன் ஒருவரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் என் உரை நான்கு நிமிடத்தைத் தாண்டாது. நிதானமாக வாசித்தால் எனக்கு அது சுமார் 300 சொற்கள். மனத்துக்குள் படித்துப் பார்த்தால் நேரம் குறைவாகத் தெரியும். வாய்விட்டுப் படித்துத்தான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

பல பின்னணியினர் கூடும் அவையில் மறைநூல் மேற்கோள், பழமொழி, இல்லறத்துக்கான அறிவுரை ஆகியவற்றைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் அனுபவம். அவை ஒரு பாதி அவைக்கு நெருக்கமாகவும் மறு பாதிக்கு அந்நியமாகவும் போய்விடுகின்றன. அவையில் உள்ள அத்தனை பேருக்கும் பொதுவாக இருப்பது அந்த இருவர் மட்டுமே. ஆகவே அவர்கள் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு செய்தியை எடுத்து, அதைத் தெளிவாகச் சொல்வதே போதும்.

அந்தச் செய்தியைக் கண்டுபிடிக்க இருவரையும் தனித்தனியாகச் சந்தித்து ஒரே கேள்விகளைக் கேட்கிறேன். எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்டால் பலமுறை சொல்லிப் பழகிய பதில்தான் வரும். "சாதாரணமான ஒரு வேலைநாளில் அவர் உங்களுக்காகச் செய்வது என்ன?" என்று கேட்டால் சற்று யோசித்துவிட்டு உண்மையைச் சொல்வார்கள். ஒரு திருமணத்தில் மணமகள் மருத்துவமனையில் இரவுப் பணி செய்பவர். அவர் வீடு திரும்பும் வேளையில் மணமகன் அலுவலகம் கிளம்ப வேண்டும். அவர் பத்து நிமிடம் தாமதித்து, மணமகள் பையை இறக்கி வைத்து உட்காரும் வரை எதுவும் கேட்காமல் அருகில் இருப்பாராம். மணமகள் இதை என்னிடம் சொன்னார். மணமகனோ, "அந்தப் பத்து நிமிடத்தில் அவளே பேச ஆரம்பிப்பாள், அதற்காகத்தான் காத்திருப்பேன்" என்றார். இருவரிடமும் ஒப்புதல் பெற்ற பிறகே அதை உரையில் சேர்த்தேன். முக்கியமான பகுதி இப்படி அமைந்தது:

"உங்கள் இருவரையும் தனித்தனியே சந்தித்தபோது, நீங்கள் இருவரும் ஒரே பத்து நிமிடத்தைப் பற்றி என்னிடம் பேசினீர்கள். ஒருவர் களைத்து வீடு திரும்பும் நேரம், மற்றவர் அவசரமாகக் கிளம்பும் நேரம் அது. அந்த நேரத்தில் நீங்கள் ஒருவரையொருவர் அவசரப்படுத்துவதில்லை. இன்று நீங்கள் சொல்லப்போகும் உறுதிமொழியின் பெரும்பகுதியை ஏற்கெனவே உங்கள் வீட்டு வாசலில் கடைப்பிடித்து வருகிறீர்கள். இங்கே கூடியிருக்கும் நாங்கள் அதற்குச் சாட்சியாக இருக்க வந்திருக்கிறோம்."

இதைக் கேட்க எந்த நம்பிக்கையும் தேவையில்லை. எந்த நம்பிக்கையும் தடையாகவும் இல்லை.

கல்தச்சன்

உரை நன்றாக இருக்கிறது. மொழிச் சிக்கலுக்கு நான் கண்ட வழி, ஒவ்வொரு வாக்கியத்தையும் உடனுக்குடன் மற்ற மொழியில் சொல்லிவிடுவது. யாரும் விடுபட்டதாக உணர மாட்டார்கள். அதுபோல், இறைவன் பெயரே வரக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் சச்சரவு எழாது.

நெய்தல்

யாரும் விடுபடக் கூடாது என்ற உங்கள் நோக்கம் சரியே. ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் இரு மொழியில் சொன்னால் நான்கு நிமிடம் எட்டாகிவிடும்; ஒரு பாதி அவை எப்போதும் காத்திருந்து, கடைசியில் கவனத்தை இழந்துவிடும். நான் வரவேற்பையும், திருமணத்துக்கு மணமக்களின் ஒப்புதல் கேட்கும் கேள்வியையும் மட்டும் இரு மொழியில் சொல்வேன். உரையின் மொழிபெயர்ப்பை அச்சிட்டு நாற்காலிகளில் வைத்துவிடலாம். ஒப்புதல் கேள்வியில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: மணமக்கள் ஒவ்வொருவரும் தமக்கு நன்றாகப் புரியும் மொழியில் கேட்டு, அதே மொழியில் பதில் சொல்ல வேண்டும்.

இறைவன் பெயரை அறவே நீக்குவதும் சிலரை ஒதுக்குவதுதான். நான் சொன்ன அந்தத் திருமணத்தில் மணமகளின் பாட்டி ஆசி வழங்க விரும்பினார். உரை முடிந்ததும், "அடுத்த அரை நிமிடம் அமைதியாக இருப்போம், வேண்டுதல் செய்பவர்கள் தங்கள் வழக்கப்படி வேண்டிக்கொள்ளலாம், மற்றவர்கள் மணமக்களை மனத்தால் வாழ்த்தலாம்" என்றேன். எவ்வளவு நேரம் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், ஏதோ தடங்கல் போலிருக்கிறது என்று எண்ணி மக்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்குவார்கள். பாட்டி உதடு அசையப் பிரார்த்தித்தார். அவருக்குப் பக்கத்தில் மணமகனின் தந்தை கைகட்டி நின்றார். இருவருக்கும் அங்கே இடம் இருந்தது.

தூவானம்

நான் மணமகளாக நின்றபோது நடந்ததைச் சொல்கிறேன். என் தந்தை எங்கள் திருமணத்துக்கு முந்தைய ஆண்டு காலமானார். நடத்தி வைத்தவர் நல்ல எண்ணத்துடன்தான், உரையின் கடைசியில், உறுதிமொழிக்குச் சற்று முன், "இந்நேரம் உங்கள் தந்தை இருந்திருந்தால்" என்று தொடங்கினார். என்னிடம் அதைப் பற்றி அவர் கேட்டிருக்கவில்லை. தொண்டை அடைத்துவிட்டது; உறுதிமொழியை என் கணவர் வரி வரியாக எடுத்துக்கொடுக்கத்தான் சொல்லி முடித்தேன். இன்றும் அந்த வீடியோவைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. தயவுசெய்து கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நெய்தல்

மறைந்தவர்களைப் பற்றிக் கட்டாயம் முன்பே கேட்க வேண்டும். வேண்டும் என்றால் அதை வரவேற்பிலேயே ஒரு வாக்கியமாகச் சொல்லிவிடுவேன். அதன்பின் உரை நடக்கும் நேரத்தில் மணமக்கள் மனம் தேறிவிடலாம்.

வடக்குவாசல்

கேட்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடு; இடம் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். என் அம்மாவின் பெயரை உறுதிமொழிக்கு முன்புதான் சொல்ல வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். அழுதேன், ஆனால் அழுதபடியே தெளிவாகப் பேசினேன். வரவேற்பில், ஆட்கள் நாற்காலி இழுத்து உட்காரும் சத்தத்துக்கு நடுவே அம்மா பெயர் வந்திருந்தால் வருந்தியிருப்பேன்.

பகல்நிலவு

எல்லோருக்கும் நன்றி. இருவரிடமும் தனித்தனியாக அந்த வேலைநாள் கேள்வியைக் கேட்டேன். என் அத்தை மகள், தான் ஓட்டுநர் உரிமம் பெற முயன்ற காலத்தில் அவர் தினமும் பக்கத்து இருக்கையில் வாய் திறக்காமல் உட்கார்ந்து வந்ததைச் சொன்னாள். அவரோ, தனக்கு அந்தப் பயணங்களில் இருந்த பயத்தை அவளிடம் காட்டாமல் இருந்ததைச் சொன்னார். இதை அவையில் சொல்ல இருவரும் சம்மதித்துவிட்டார்கள். மறைந்த மாமாவின் பெயரில்தான் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. அவளுக்கு அதை வரவேற்பில் கேட்க வேண்டும்; அத்தை, அந்தப் பேச்சே அன்று வேண்டாம் என்கிறார். இருவரையும் அடுத்த வாரம் ஒன்றாக உட்காரவைத்துப் பேசப்போகிறேன்.